"வெறும் பேச்சுதான்" என்கிறார், இன்னும் அதே டீமில் இருக்கிறார்: எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி: கல்யாணமாகி 11 வருஷம், ஒரு பையன். கூட வேலை பார்க்கிற பெண்ணோடு கணவர் எட்டு மாசமாக ராத்திரி பகல் பார்க்காமல் சாட் செய்தது ரெண்டு வாரத்துக்கு முன்னால் தெரிந்தது. "தொட்டதுகூட இல்லை, வெறும் பேச்சுதான்" என்கிறார். ரெண்டு பேரும் ஒரே டீம். ஹோம் லோன் இருப்பதால் வேலையை விட முடியாது. பிரிய எனக்கு மனசில்லை, நம்பவும் முடியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

தொட்டதுகூட இல்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு இது துரோகமா இல்லையா என்று வாதாட இறங்கினால் ஆறு மாதம் அதிலேயே போய்விடும். அவர் வக்கீல் மாதிரி பேசுவார், நீங்கள் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து எடுத்துக் காட்டுவீர்கள். 16 வருஷமாகத் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இந்த வாதத்தில் ஜெயித்தவர் என்று ஒருவரையும் பார்த்ததில்லை. சட்டம் உடலுறவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை ரத்து செய்தபின் அதுகூடக் குற்றம் இல்லை, விவாகரத்துக்கான காரணம் மட்டும்தான். வீட்டுக்குள் இருக்கும் அளவுகோல் வேறு.

அந்த அளவுகோலை அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ் எளிமையாகச் சொல்லியிருக்கிறார். கணவன் மனைவிக்கு நடுவே ஜன்னல் இருக்க வேண்டும், அவர்களுக்கும் வெளியாட்களுக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும். இந்த மாதிரி உறவில் ரெண்டும் இடம் மாறிவிடுகின்றன. உங்கள் வீட்டுச் சண்டை அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அந்தப் பெண் இத்தனை முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒருவர் என்னிடம் சொன்னார்: தினமும் வீட்டுக்கு வரும் வழியில், தெருமுனை டீக்கடை பக்கத்தில் பைக்கை நிறுத்தி, அன்றைய சாட்டை அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாராம். "பேச்சுதானே சார், அதை ஏன் அழிக்கணும்?" என்று அவரே என்னுடன் பணிபுரியும் மூத்த ஆலோசகரிடம் ஒருநாள் கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். உங்கள் கணவரிடம் பெயர் சூட்டும் சண்டை வேண்டாம். "நீங்கள் மறைத்தீர்கள், அதுதான் எனக்கு வலிக்கிறது" என்பது போதும். அதை அவரால் மறுக்க முடியாது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? மன்னிப்பிலோ நம்பிக்கையிலோ ஆரம்பிக்க முடியாது. அந்தப் பேச்சை நிறுத்துவதில் ஆரம்பிக்க வேண்டும். பழைய காதலியோ ஃபேஸ்புக் சிநேகிதியோ என்றால் நம்பரை பிளாக் செய்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் விஷயத்தில் அந்தப் பெண் தினமும் காலை ஒன்பதரை மணிக்கு அவருக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் என் பதிலில் பாதி இதைப் பற்றியே இருக்கும்.

நிறுத்துவது என்றால் "இனி பேசமாட்டேன்" என்று உங்களிடம் சத்தியம் செய்வது இல்லை. அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், உங்கள் கண்முன்னால் அனுப்ப வேண்டும். நேரில் கூப்பிட்டுச் சொன்னால் பெரும்பாலும் ஒரு காபி, ஒரு அழுகை, "நீ நல்லா இருக்கணும்" என்று ஒரு விடைபெறல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்தக் கடைசிச் சந்திப்புதான் பல வீடுகளில் இரண்டாவது ஆரம்பமாக முடிந்திருக்கிறது.

செய்தியில் என்ன எழுதுகிறார் என்பதையும் கவனியுங்கள். முதல் முயற்சியில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: "என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது, ரொம்பக் கஷ்டப்படுகிறாள், அதனால் நாம் இனி பேசவேண்டாம்." இதில் குறுக்கே நிற்பவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் பேச்சு தொடர்ந்திருக்கும் என்பதுதான் அதற்குள் இருக்கும் சேதி, அந்தப் பெண்ணும் அதை அப்படித்தான் படிப்பாள். முடிவு அவருடையதாக எழுதப்பட வேண்டும். இப்படி இருந்தால் போதும்: "நான் எல்லை மீறிப் பேசிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. இனி வேலை விஷயம் தவிர எதுவும் பேசமாட்டேன், அதுவும் டீம் குரூப்பிலும் மெயிலிலும் மட்டும். இதற்குப் பதில் வேண்டாம்." நாலு வரி. ஐந்தாவது வரி எழுதத் தோன்றினால் அது அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்துவதாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு ஆபீஸ் நடைமுறை. தனி நம்பர், இன்ஸ்டாகிராம் எல்லாம் பிளாக். வேலைப் பேச்சு மெயிலிலோ, மற்றவர்களும் இருக்கும் குரூப்பிலோ மட்டும். ரெண்டு பேர் மட்டும் உட்காரும் மீட்டிங் தவிர்க்க முடியாததாக இருந்தால் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வது. சாப்பாடு, டீ, கேப், ஆபீஸ் டூர் எதிலும் தனியாகச் சேர்வதில்லை. டீம் மாற்றம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மேனேஜரிடமோ எச்.ஆரிடமோ காரணம் சொல்லத் தேவையில்லை, "வேற புராஜெக்ட்ல வேலை பார்க்க ஆசை" என்பதே போதுமான காரணம். மூன்று நான்கு மாதம் ஆகலாம். கேட்டாரா, எப்போது கேட்டார், என்ன பதில் வந்தது என்பதை அவரே வந்து சொல்கிறாரா என்று பாருங்கள். மூன்று மாதமாகியும் "கேட்க நேரம் வரலை" என்றால் நேரம் ஒரு காரணம் இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பெண் உங்கள் கணவருக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருந்தால், உறவை முறித்த கோபத்தையோ பயத்தையோ அவர் அவளுடைய அப்ரைசலில் காட்டிவிடக்கூடாது. வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 என்று ஒன்று இருக்கிறது. மேலதிகாரி தனிப்பட்ட முறையில் நெருங்கிப் பழகிவிட்டு அப்புறம் பழிவாங்கினால் அது புகாராக வர வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட நிலையில் அவர்தான் இடம் மாற வேண்டும், அவளை மாற்றச் சொல்லக்கூடாது.

நீங்கள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்ய வேண்டாம். ஆபீஸ் வாசலுக்குப் போக வேண்டாம், அவள் கணவருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் அவளோடு சண்டைக்குப் போகிற அன்றே உங்கள் கணவருக்கு நடுவர் வேலை கிடைத்துவிடும், தப்பு செய்தவர் என்ற நாற்காலியில் இருந்து அவர் எழுந்துவிடுவார். அதோடு, விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவினால் முதலில் ஆடுவது அந்த ஹோம் லோன்தான்.

இனி நான் சொல்லப்போகும் தம்பதி விஷயத்தில் பேசிக்கொண்டிருந்தது மனைவி. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், மனைவி ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். அந்தச் சக ஊழியரின் நம்பரை "கேஸ் ஏஜென்சி" என்று பதிந்து வைத்திருந்தார். ஒருநாள் இரவு பதினொன்றேகாலுக்கு மேஜை மேல் இருந்த போன் வெளிச்சமாகி, கேஸ் ஏஜென்சியிடமிருந்து "தூங்கிட்டியா?" என்று வந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்குள்ளேயே விடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொன்னது ஒன்றே ஒன்று: அவளை வேலையை விடச் சொல். தப்பு செய்தது ஆணாக இருந்தால் "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், நீ கண்டுக்காதே" என்று உங்களிடம் சொல்கிற அதே வாய்கள் இவை. ரெண்டுமே குணமாக்கும் வழி இல்லை. வேலையை விடச் சொன்னால் அது தண்டனை, தண்டனை முடிந்ததும் கணக்குத் தீர்ந்தது என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள், மறைக்கும் பழக்கம் மட்டும் அப்படியே கிடக்கும். கண்டுகொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணவர் வேலையை விடச் சொல்லவில்லை. அவருக்கும் கடன் இருந்தது, அதுவும் ஒரு காரணம்தான்.

முதல் வாரம் செய்தி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் மனைவியின் பிறந்தநாள். அந்த ஆள் அவர் மேஜை மேல் ஒரு சாக்லேட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவி அதைக் குப்பையில் போட்டுவிட்டார், திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வீட்டில் சொல்லவில்லை. "இப்பத்தான் கொஞ்சம் தூங்க ஆரம்பிச்சிருக்கார், இதைச் சொல்லி எதுக்குக் கெடுக்கணும்" என்று நினைத்திருக்கிறார். ஒன்பது நாள் கழித்து அது வேறு பேச்சில் வெளிவந்தது. கணவர் மறுபடியும் கடையில் போய்ப் படுத்துக்கொண்டார். சாக்லேட் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. அந்த ஒன்பது நாளும் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். வலிக்கும் என்று மறைப்பவர் தான் கருணை காட்டுவதாக நினைக்கிறார். கேட்கிறவருக்கு அது பழைய மறைப்பின் தொடர்ச்சி. அதனால் நான் எல்லோருக்கும் வைக்கும் விதி ஒன்று: வேலை தாண்டி எது நடந்தாலும், அவள் லிஃப்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும், அன்று சாயங்காலமே, நீங்கள் கேட்பதற்கு முன்னால், அவரே சொல்ல வேண்டும். கேட்டபிறகு சொல்வது வாக்குமூலம். கேட்காமல் சொல்வதில்தான் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

அந்தப் பெண்மணிக்கு ஆறாவது வாரம் மாதக் கடைசி கணக்கு முடிக்கும் வேலை வந்தது, எட்டரை வரை இருக்க வேண்டும், அந்த ஆளும் இருப்பார். ஆறு மணிக்கே கணவருக்குப் போன் செய்து யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸ் தெரு வரை வந்து, திரும்பிப் போய்விட்டார். அதையும் அன்றிரவே சொல்லிவிட்டார். அந்த ரெண்டு தகவலும் ஒரே இரவில் பரிமாறிக்கொண்டது நல்ல அடையாளம் என்று நான் என் குறிப்பில் எழுதி வைத்தேன். ஐந்தாவது மாதம் மனைவிக்கு வேறு பிரிவு கிடைத்தது.

இன்னொன்று நடக்கும், இதற்குத் தயாராக இருங்கள். பேச்சை நிறுத்திய பிறகு சில வாரங்கள் உங்கள் கணவர் முகம் வாடியிருக்கும், எரிந்து விழுவார், டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். எட்டு மாதம் தினமும் நாற்பது ஐம்பது தடவை போன் அதிரும்போதெல்லாம் கிடைத்த சந்தோஷம் திடீரென்று இல்லை. சிகரெட் விட்டவன் மாதிரிதான் இருப்பார். அதைப் பார்த்து "இவ்வளவு காதலா" என்று உங்களுக்கு வயிறு எரியும். எரிவது நியாயம். ஆனால் அவர் துக்கத்துக்கு ஆறுதல் சொல்லும் வேலை உங்களுடையது இல்லை, அந்தத் துக்கத்தை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். பெரும்பாலும் ரெண்டு மூன்று மாதத்தில் அது வடிந்துவிடும். வடியாமல், போனைத் தலைகீழாக வைப்பது, பாத்ரூமுக்கு எடுத்துப்போவது என்று ஆரம்பித்தால் அது துக்கம் இல்லை, தொடர்பு திரும்பிவிட்டது.

அப்புறம் கேள்விகள். இப்போது உங்கள் தலைக்குள் ஒரு நாளில் நூறு கேள்வி ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு அவரை எழுப்பிக் கேட்டிருப்பீர்கள். அது பைத்தியக்காரத்தனம் இல்லை. தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, வேலைக்கு நடுவே திடீரென்று ஒரு வரி நினைவுக்கு வந்து கை நடுங்குவது இவையெல்லாம் பெரிய விபத்தில் தப்பித்தவர்களுக்கு வருவது போன்றவைதான். துரோகத்தை ஒரு மன அதிர்ச்சியாகவே எடுத்துக்கொண்டு சிகிச்சை வகுத்த கோர்டன், பாகம், ஸ்னைடர் என்ற உளவியலாளர்கள் அதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள்: முதலில் அடியைத் தாங்குவது, அப்புறம் ஏன் நடந்தது என்று புரிந்துகொள்வது, கடைசியில்தான் சேர்ந்திருப்பதா பிரிவதா என்று நகர்வது. நம் ஊரில் மூன்றாவதை முதல் வாரத்திலேயே முடிக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், அதுதான் சிக்கல்.

கேள்விக்கு ஒரு நேரம் வையுங்கள். வாரத்தில் மூன்று நாள், பையன் டியூஷனுக்கோ விளையாடவோ போயிருக்கும் நேரம், நாற்பது நிமிடம், போனில் அலாரம். படுக்கையறையில் வேண்டாம், மொட்டை மாடியோ வராந்தாவோ நல்லது. நடுவில் தோன்றும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து ஒருநாள் தூங்கி எழுந்து பாருங்கள், பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள். எப்போது ஆரம்பித்தது, யார் யாருக்குத் தெரியும், வெளியே சந்தித்தீர்களா, பணம் ஏதாவது கொடுத்தீர்களா, என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்பவை கேட்டே ஆகவேண்டியவை. அவற்றுக்குப் பதில் தெரியாமல் காலுக்குக் கீழே தரை இருக்காது. அவள் என்ன சென்ட் போடுவாள், என்னைவிட அழகா, எந்த வார்த்தை சொல்லிக் கொஞ்சினீர்கள் என்பவற்றுக்குக் கிடைக்கும் பதில் உங்களுக்கு எதையும் தெளிவாக்காது, வாழ்நாள் முழுக்கக் கண்முன்னால் நிற்கும் படத்தை மட்டும் தரும். எட்டு மாத சாட்டையும் முழுக்கப் படிக்கவேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு தூரம் போனது என்று தெரியும் அளவுக்குப் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். முழுக்கப் படித்தவர்கள் பலர் பின்னால் அந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

அவர் பக்கம் இருந்து செய்யவேண்டியது: நடந்ததை ஒரே தடவையில், முழுதாக, தேதிவாரியாக எழுதிக் கொடுப்பது. இன்று கொஞ்சம், மாட்டிக்கொண்டபின் கொஞ்சம், அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் என்று சொட்டுச் சொட்டாகச் சொல்வதுதான் இந்த மாதிரி வீடுகளில் முதல் துரோகத்தைவிட அதிக சேதம் செய்கிறது. "ஒரே தடவைதான் வெளியே காபி சாப்பிட்டோம்" என்றவர், மூன்று என்று பின்னால் ஒத்துக்கொண்டால், மீதி எல்லாவற்றையும் நீங்கள் மூன்றால் பெருக்கித்தான் பார்ப்பீர்கள். எழுதும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளட்டும். அதில் உடல் ரீதியாக ஏதாவது நடந்திருந்தால் அதுவும் அப்போதே வரவேண்டும்.

போன் விஷயம். பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், ஆறு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துப் பார்க்கலாம் என்பது இருவரும் பேசிய ஏற்பாடாக இருக்கட்டும். ரகசியமாக ட்ராக்கிங் ஆப் போடுவது வேறு. அதில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் "வேறு போன் வைத்திருக்கிறாரோ" என்றுதான் மனசு போகும், நிம்மதி வராது. அவராகக் கொண்டுவந்து காட்டுகிற போன்தான் உதவும். நீங்கள் பார்ப்பது தானாகக் குறைய வேண்டும். முதல் மாதம் தினமும், நாலாவது மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் மறந்தே போவது என்று இறங்குமுகமாக இருந்தால் சரியான திசை. ஆறு மாதம் கழித்தும் தினமும் மூன்று தடவை பார்க்கிறீர்கள் என்றால், ஒன்று அவர் இன்னும் எதையோ மறைக்கிறார், அல்லது உங்கள் பதற்றத்துக்குத் தனியாக வைத்தியம் வேண்டும்.

ஏன் செய்தார் என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். முதல் மாதத்தில் எடுத்தால் அது நேராக "நீ எங்கிட்ட பேசவே மாட்டே, எப்பவும் பையன் ஹோம்வொர்க்தான்" என்ற இடத்தில் போய் நிற்கும். நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். மூன்றாவது மாதம் வாக்கில், கொஞ்சம் தூக்கம் வந்தபிறகு, பேசத்தான் வேண்டும். அப்போதும் ரெண்டைப் பிரித்து வையுங்கள்: வீட்டில் பேச்சு குறைந்திருந்தது இருவரும் சேர்ந்து செய்தது, அதை உங்களிடம் சொல்லாமல் வேறொருத்தியிடம் போய்ச் சொன்னது அவர் மட்டும் செய்தது. முதலாவதில் உங்கள் பங்கு இருக்கலாம், இரண்டாவதில் இல்லை.

அந்தப் பேச்சில் கேட்கவேண்டிய கேள்வி அவளிடம் என்ன இருந்தது என்பது இல்லை. அவளோடு இருக்கும்போது அவர் யாராக இருந்தார் என்று கேளுங்கள். ஒரு கணவர் இதற்குச் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "அங்கே எனக்கு இ.எம்.ஐ கிடையாது மேடம். அப்பாவுக்கு டயாலிசிஸ் கிடையாது. நான் ஜோக் அடிக்கிற ஆளா இருந்தேன்." வீட்டில் அவர் ஜோக் அடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதை மனைவியும் கவனித்திருந்தார், கேட்கவில்லை. இந்த மாதிரிப் பதில் வந்தால் அதில் வேலை செய்ய இடம் இருக்கிறது. பையன் தூங்கியபின் இருபது நிமிடம், கணக்கு வழக்கு, ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மருந்து எதையும் எடுக்காமல் பேசிப் பாருங்கள். முதல் நாலைந்து தடவை பேச ஒன்றுமே இருக்காது, மரம் மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். உட்காருங்கள், பரவாயில்லை.

வீட்டில் யாரிடம் சொல்வது? ஒரே ஒருவரிடம். நீங்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்தாலும் பிரிய முடிவெடுத்தாலும் உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒருவர், அக்காவோ பழைய சிநேகிதியோ. அம்மா அப்பாவிடம் சொல்வதற்கு முன் நூறு தடவை யோசியுங்கள். நீங்கள் ரெண்டு வருஷத்தில் ஆறிவிடுவீர்கள், உங்கள் அம்மா ஆறமாட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாப்பிள்ளை தட்டில் அந்த முறுக்கை வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். என் அனுபவத்தில் தினசரி வாழ்க்கை கொஞ்சம் சீராக ஆறு மாதம், நினைத்தாலும் நெஞ்சு அடைக்காமல் இருக்க ஒன்றரை, ரெண்டு வருஷம். அதுவும் நேர்கோடாகப் போகாது. மறந்துவிட்டதாக நினைக்கும்போது சின்ன விஷயம் ஒன்று வந்து கிளறும். அந்த ஹார்டுவேர் கடைக்காரருக்கு, சிலிண்டர் புக் ஆகிவிட்டது என்று நிஜ கேஸ் ஏஜென்சியிடமிருந்து எஸ்.எம்.எஸ் வந்தாலே போதும், அன்று மதியம் சாப்பாடு இறங்காது. ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை கேஸ் புக் செய்தே ஆகவேண்டுமே! அவர் மனைவி அதற்கு ஒரு வழி செய்தார். செய்தி வந்ததும் கடைக்குப் போன் செய்து "இன்னிக்கு மெசேஜ் வந்திருக்கு, கஷ்டமா இருக்கும், சாயங்காலம் சீக்கிரம் வாங்க" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கீங்க" என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதினோராவது மாதம் அப்படி ஒரு போனில் கணவர், "தூங்கிட்டியான்னு கேட்டிருக்கா, இல்ல சிலிண்டர் வருதுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாராம். ரெண்டு பேரும் சிரித்துவிட்டு அப்புறம் மனைவி அழுதிருக்கிறார்.

உங்கள் கணவருக்கு நான் வைக்கும் பரீட்சை அதுதான். நீங்கள் பத்தாவது தடவையாக அழும்போது அவர் "எத்தனை தடவைதான் ஸாரி சொல்றது" என்கிறாரா, பக்கத்தில் உட்கார்கிறாரா என்று பாருங்கள். முதல் மாதம் எரிச்சல் பட்டால் விட்டுவிடலாம், கற்றுக்கொள்ள நேரம் ஆகும். ஆறாவது மாதத்திலும் அதையே சொல்கிறார், டீம் மாற்றம் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்ததில் புதுப்புது விஷயம் வந்துகொண்டிருக்கிறது என்றால், இதைக் கட்டுவது நீங்கள் ஒருவர் மட்டும்தான். ஒரு கையால் கட்ட முடியாது, அப்போது வக்கீலைப் பார்ப்பதில் தப்பில்லை. கை ஓங்குகிறார், அல்லது செத்துப்போவேன் என்று மிரட்டியே உங்களைப் பேசவிடாமல் செய்கிறார் என்றால் மேலே சொன்ன எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181. சாகலாமா என்று உங்களுக்கே தோன்றினாலும், அவருக்குத் தோன்றினாலும், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக, ஆலோசகரிடம் போவதாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: துரோகம் நடந்த தம்பதிகளோடு வேலை செய்திருக்கிறீர்களா, எங்கள் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்ப்பீர்களா, தனியாகப் பார்க்கும்போது அவர் தொடர்பு இன்னும் இருக்கிறது என்று சொன்னால் அதை என்னிடமிருந்து மறைப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு "அவரையே உங்களிடம் சொல்ல வைப்பேன், இல்லாவிட்டால் சேர்த்துப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன்" என்று ஒருவர் பதில் சொன்னால் அவரிடம் போங்கள். முதல் நாளே "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா, குழந்தை இருக்கு" என்று ஆரம்பித்தால், ஃபீஸ் கொடுத்தது போகட்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள்.